மதியம் ஒன்று முதல் இரவு பத்தரை வரை: வேலை முடிந்து பேட்மிண்டன் ஆடும் ஒருவரின் சாப்பாட்டு நேரங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வயது 36, எடை 74 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் நண்பர்களோடு பேட்மிண்டன், வெள்ளிக்கிழமை கால்பந்து. பேட்மிண்டனுக்கு ஒரு கோர்ட்டை ஆறு பேர் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் எடுப்பார்கள். எல்லாமே டபுள்ஸ், தோற்ற ஜோடி வெளியே வந்து அடுத்த ஜோடிக்கு இடம் விடும். எந்த நோய்க்கும் மருந்து எடுப்பவரல்ல.

உணவியல் ஆலோசகரிடம் அவர் கொண்டுவந்த புகார்கள் இரண்டு. முதலாவது, "ரெண்டு கேமுக்கு மேல கால் நகர மாட்டேங்குது." இரண்டாவது, விளையாடிய இரவுகளில் தூக்கம் கெடுகிறது, நடுராத்திரியில் புளித்த நீர் தொண்டை வரை ஏறி எழுப்பிவிடுகிறது. முதலாவதற்கு உடலில் தெம்பு போதவில்லை என்றும், இரண்டாவதற்கு ராத்திரி லேட்டாகச் சாப்பிடுவதுதான் காரணம் என்றும் அவரே முடிவு கட்டியிருந்தார். அதனால் காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கலாமா, ஆட்டம் முடிந்ததும் சாப்பிடாமலேயே படுத்துவிடலாமா என்று கேட்பதற்காகத்தான் வந்தார்.

சாப்பிடாமல் படுப்பதை ஏற்கெனவே இருமுறை முயன்றிருக்கிறார். இரண்டு முறையும் தூக்கம் வராமல் பன்னிரண்டு மணிக்கு எழுந்து கையில் கிடைத்ததைத் தின்றிருக்கிறார். அமிலம் ஏறுவது அதன்பின் இன்னும் மோசமானது.

உணவைத் தொடும் முன் ஒரு பரிசோதனை

பேச்சுவாக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: சில வாரங்களுக்கு முன் ஆட்டத்தின் நடுவே நெஞ்சின் மையத்தில் ஒரு எரிச்சல் வந்து, பத்து நிமிடம் உட்கார்ந்ததும் போய்விட்டது. இதை வெறும் நெஞ்செரிச்சல் என்று எடுத்துக்கொண்டு உணவு அட்டவணை போட ஆலோசகர் உட்காரவில்லை. உழைப்பின்போது வந்து ஓய்வில் அடங்கும் நெஞ்சு அசௌகரியம் இதயத்திலிருந்தும் வரலாம். இரண்டையும் உணர்வை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மருத்துவரைப் பார்த்து வரும் வரை ஆட்டத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

மருத்துவர் இதயப் பரிசோதனைகளையும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையையும் செய்தார். எல்லாம் இயல்பாக இருந்தன. இது இரைப்பை அமிலம் எதுக்களிப்பதுதான் என்று சொல்லி, உணவு நேரத்தைச் சரிசெய்து பார்த்தபின் தேவைப்பட்டால் மருந்தை யோசிக்கலாம் என்று அனுப்பினார். கீழே வருவதெல்லாம் இதற்குப் பிறகு நடந்தவை.

முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றாமல் பார்த்தது

இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்றாமல், சாப்பிட்டதையும் குடித்ததையும் மணியோடு எழுதச் சொல்லப்பட்டது. எத்தனையாவது கேமில் சோர்வு தெரிந்தது, ராத்திரி எப்போது விழிப்பு வந்தது என்பதும் அதே தாளில். ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது.

காலையில் வெறும் காபி, பசிக்கவில்லை. மதியம் 12:45-க்குச் சாப்பாடு, வயிறு நிறைந்தால் தூக்கம் வருகிறதென்று குறைவாக. 4:30-க்குக் காபி, இரண்டு பிஸ்கட். 6:45-க்கு வேலையிடத்திலிருந்து கிளம்பி, 7:30-க்குக் கோர்ட். 7:45 முதல் 9:15 வரை ஆட்டம். நின்று பேசிவிட்டு வீடு சேர்ந்தபோது 10:00. குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது 10:30. மூன்று கிண்ணம் சோறு, எண்ணெயில் பொரித்த இறைச்சி, மேலே இனிப்பு ஏதாவது. 11:30-க்குப் படுக்கை. 2 மணிக்கு விழிப்பு. காலை 6:30-க்கு எழுந்தபோது வயிறு கனம்; பசிக்கவில்லை.

மதியம் ஒன்று முதல் ஆட்டம் தொடங்கும் வரை கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் உள்ளே போனது இரண்டு பிஸ்கட். அதுவும் குறைவான மதியச் சாப்பாட்டுக்கும், இல்லாத காலைச் சாப்பாட்டுக்கும் மேல். அன்றைய உணவில் பாதிக்கு மேல் இரவு பத்தரைக்குப் பிறகே போகிறது. அது செரிக்காததால் அடுத்த காலை பசிப்பதில்லை. காலை சாப்பிடாததால் அடுத்த மாலை மீண்டும் காலி வயிறு. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரத்தில் தற்செயலாக ஒரு விடுமுறை நாள் வந்தது. அன்று அதே நண்பர்கள் காலை 10 மணிக்கு ஆடினார்கள். 7:30-க்கு ரொட்டியும் முட்டையும் பழமும் சாப்பிட்டிருந்தார். ஐந்து கேம் ஆடியும் கால் தளரவில்லை. உடல் தெம்பு உண்மையாகவே போதாதென்றால் அது காலையில் மட்டும் எங்கிருந்து வரும்? ஒரே ஒரு நாள்தான் என்றாலும், காலையில் ஓடும் பயிற்சியைத் தள்ளிவைக்க இந்தப் பதிவு போதுமானதாக இருந்தது.

தண்ணீர்க் கணக்கையும் ஒருநாள் எடுத்தார்கள். ஆட்டத்துக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை: 74.2 கிலோ. முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, அதே உடையில்: 73.1. இடையில் குடித்தது 400 மில்லி. குறைந்த எடை 1.1 கிலோ, அதோடு குடித்த 0.4, ஆக வியர்வை ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். உடல் எடையில் ஒன்றரை சதவீதம் குறைவு என்பது ஆபத்தல்ல, ஆனால் காலி வயிற்றோடு சேர்ந்தால் தெரியத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் இதை ஈடுகட்ட ஒரே மூச்சில் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் குடிப்பது அவர் வழக்கம். நடுராத்திரி விழிப்புகளில் சில எதுக்களிப்பால் அல்ல, சிறுநீருக்காக என்பது தாளைப் பார்த்தபின்தான் அவருக்கே புலப்பட்டது.

எது எதனால்

மூன்றாவது கேமில் வரும் தளர்ச்சிக்குத் தசையில் எரிபொருள் தீர்ந்தது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு மணி நேர டபுள்ஸில் கிளைக்கோஜன், அதாவது தசை சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, வற்றிவிடாது. ஒவ்வொரு ராலிக்கும் இடையே ஓய்வு, வெளியே உட்காரும் நேரம் வேறு. கல்லீரலில் இருக்கும் கையிருப்பு அப்படியல்ல. அது ஏறக்குறைய 100 கிராம்தான். சாப்பாட்டு இடைவெளிகளில் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. குறைவான மதிய உணவுக்குப் பின் ஏழு மணி நேரம் அதிலிருந்து எடுத்துக்கொண்டே போய், அதன்மேல் ஆட்டத்தையும் ஏற்றினால், முதலில் தெரிவது கால்வலி அல்ல. கவனம் சிதறுவது, பந்தை நோக்கி எடுத்துவைக்கும் முதல் அடி தாமதமாவது, எரிச்சல். அவர் எழுதியிருந்ததும் அதுவே: "வர்றது தெரியுது, கால் எடுத்து வைக்கத் தோணல."

எதுக்களிப்புக்கு நேரம் மட்டுமே காரணம் என்று சொல்வதும் அரைகுறை. அளவு, கொழுப்பு, படுக்கும் நிலை மூன்றும் சேர்ந்தவை. சோறும் பொரித்த இறைச்சியும் கலந்த பெரிய சாப்பாடு இரைப்பையை விட்டு வெளியேற மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். கொழுப்பு கூடக் கூட அது இன்னும் மெதுவாகும். பத்தரைக்குத் தின்று பதினொன்றரைக்குப் படுத்தால், நிறைந்த வயிறு இரண்டு மணி வரைக்கும் கிடைமட்டமாகக் கிடக்கிறது. விழிப்பு வந்ததும் அந்த நேரத்தில்தான்.

இங்கே அவருடைய கேள்வியே மாறிவிட்டது. "ராத்திரி சாப்பிடலாமா வேண்டாமா" என்பதை விட்டு, இரவுச் சாப்பாட்டில் ஒரு பங்கைப் பிரித்து ஆட்டத்துக்கு முன் எப்படிக் கொண்டுபோய் வைப்பது என்று பார்க்க வேண்டியதாயிற்று. புதிதாக எதையும் சேர்க்க வேண்டிய அவசியமில்லை.

முதல் முயற்சி, அது ஏன் பலிக்கவில்லை

வேலையிடத்தில் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்றார். அதனால் கிளம்பும் வழியில், ஏழு மணிக்கு, ஒரு சாண்ட்விச் என்று முடிவானது: நான்கு துண்டு ரொட்டி, வெண்ணெய், சீஸ், இரண்டு முட்டை. அளவில் குறையில்லை. புரதமும் இருக்கிறது.

முதல் கேமிலேயே சிக்கல். நெட்டுக்கு அருகே விழும் பந்தை எடுக்கப் பெரிய அடி வைத்துக் குனியும்போதெல்லாம் முட்டை வாசனையோடு ஏப்பம். இரண்டாவது கேமில் குமட்டல். அன்று அவர் பாதியில் வெளியேறினார். அடுத்த வியாழனும் அதேதான்.

காரணம் தெளிவு. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் இரைப்பையில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். வெண்ணெயும் சீஸும் முட்டையின் மஞ்சள்கருவும் அதை இன்னும் பிடித்துவைக்கும். கடுமையாக ஆடும்போது செரிமானக் குழாய்க்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து தசைக்குத் திரும்புவதால் செரிமானம் மந்தமாகும். இத்தனைக்கும் மேலே குனிவதால் வயிற்றில் அழுத்தம் ஏறுகிறது. பேட்மிண்டனில் வயிற்றைச் சோதிப்பது ஸ்மாஷ் அல்ல, இந்த முன்னோக்கிய பாய்ச்சல்தான். உணவில் இருந்த பொருள்களைத் தவறென்று சொல்ல முடியாது. அதே சாண்ட்விச்சை மாலை நான்கு மணிக்குத் தின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டாம் முயற்சி: ஐந்தரை மணித் தட்டு

ஆட்டத்துக்கு இரண்டேகால் மணி நேரம் முன்பு, அதாவது 5:30-க்குச் சாப்பிடுவது என்று மாற்றப்பட்டது. கூச்சத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: 4:30-க்குக் காபிக்காக எழுந்துகொண்டிருந்த இடைவேளையை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டு, காபிக்குப் பதில் டப்பாவைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை.

டப்பாவில் இருந்தவை: ரொட்டி இரண்டு துண்டு, நடுத்தர வாழைப்பழம் ஒன்று, கொழுப்பு நீக்கிய தயிர் 150 மில்லி. ரொட்டியிலிருந்து 28 கிராம், பழத்திலிருந்து 27, தயிரிலிருந்து 7. ஆக மாவுச்சத்து 60 கிராமுக்குச் சற்று மேல். விளையாட்டு உணவியலில் ஆட்டத்துக்கு ஒன்று முதல் நான்கு மணி நேரம் முன்பு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்று முதல் நான்கு கிராம் மாவுச்சத்து என்று ஒரு பொது அளவு உண்டு. அது ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. உட்கார்ந்து எழுந்து ஆடும் டபுள்ஸுக்கு அதன் கீழ் எல்லையே போதும். இவருக்கு எல்லைக்குச் சற்றுக் கீழேயே வைக்கப்பட்டது. ரொட்டிக்குப் பதில் ஒரு சிறு கிண்ணம் சோறோ, வேகவைத்த உருளைக்கிழங்கோ இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய அதுவே வரும். எண்ணெய், வெண்ணெய், பச்சைக் காய்கறி, பயறு வகைகள் இந்தத் தட்டில் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. இவை கெட்டவை என்பதால் அல்ல. முதல் இரண்டு மெதுவாக வெளியேறும், பின் இரண்டு வாயுவை உண்டாக்கும். அவற்றுக்கு மதியச் சாப்பாட்டில் இடம் இருக்கிறது.

தண்ணீர்: தட்டோடும் அதற்கடுத்த ஒரு மணி நேரத்திலும் சேர்த்து அரை லிட்டர். 6:30-க்குப் பிறகு தாகத்துக்கு மட்டும். அப்போதுதான் கோர்ட்டுக்குப் போகுமுன் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு வயிறு இலேசாக இறங்க முடியும். ஆட்டத்தில் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் நான்கைந்து வாய். மொத்தம் 700 மில்லி வரை.

முதல் செவ்வாயன்றே நான்காவது கேம் ஆடினார். ஏப்பம் இல்லை.

கூட்டம் நீளும் நாட்கள்

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை 5 மணிக்குத் தொடங்கிய கூட்டம் 6:50-க்குத்தான் முடிந்தது. தட்டைத் திறக்கவே முடியவில்லை. வழியில் ஒரு பாட்டில் சர்க்கரைபோட்ட பழச்சாறு குடித்துவிட்டு 7:45-க்கு ஆடத் தொடங்கியவருக்கு, பத்தாவது நிமிடத்தில் லேசான தலைசுற்றலும் கை நடுக்கமும். பதினைந்து நிமிடத்தில் தானாகவே சரியானது.

நடந்தது என்னவென்று பார்த்தால்: ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு வேகமாக உறிஞ்சப்படும் சர்க்கரை உள்ளே போனதும் இன்சுலின் உயரும். அது உச்சத்தில் இருக்கும்போதே தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கத் தொடங்குவதால், ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில் அளவு சட்டென இறங்கக்கூடும். பெரும்பாலானோருக்கு இது தெரிவதே இல்லை. தெரிபவர்களுக்கும் அரைமணிக்குள் அடங்கிவிடும். அன்று ரத்தச் சர்க்கரை அளக்கப்படவில்லை. நேரமும் அறிகுறியும் இதற்குப் பொருந்தின, அவ்வளவே.

இதற்காக ஒரு மாற்றுத் திட்டம் எழுதிக் கொடுக்கப்பட்டது. தட்டைத் தவறவிட்டால், அதை ஏழு மணிக்குச் சாப்பிட்டு ஈடுகட்டக் கூடாது. கோர்ட்டுக்கு வந்து உடலைச் சூடாக்கத் தொடங்கும்போது ஒரு வாழைப்பழத்தில் பாதி, முதல் கேம் முடிந்ததும் மீதிப் பாதி. உடல் இயங்கத் தொடங்கிவிட்டால் இன்சுலின் சுரப்பு அடங்கிவிடும் என்பதால் அந்த வீழ்ச்சி வருவதில்லை. இரண்டாவது கேமுக்குப் பிறகு இன்னொரு பழம். தட்டு சாப்பிட்ட நாளின் அளவுக்கு இது வராது, மூன்றரை கேம் தாங்கும் என்பது அவருடைய அனுபவமாக இருந்தது.

ஆட்டம் முடிந்த பிறகு

முதலில் ஒரு கணக்கு. அவருடைய கைக்கடிகாரம் ஒவ்வொரு மாலையும் 700 கலோரிக்கு மேல் காட்டியது. பத்தரை மணிச் சாப்பாட்டின் அளவுக்கு அவர் சொன்ன நியாயம் அதுதான். ஆறு பேருக்கு ஒரு கோர்ட் என்றால் ஒன்றரை மணியில் அவர் உள்ளே நிற்பது ஒரு மணி நேரம். நண்பர்களோடு ஆடும் டபுள்ஸின் வேகத்துக்கு, உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்தால், 74 கிலோ உடலுக்கு 350 அளவில்தான் வரும். ஆக, ஐந்தரை மணித் தட்டே ஆட்டத்தின் செலவைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுகிறது. இரவு உணவு, ஆடாத நாளின் இரவு உணவைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் வீடு வந்து குளிக்கும் வரை காத்திருந்தால் அந்தப் பசி இந்தக் கணக்கையெல்லாம் கேட்காது. எனவே 9:20-க்கு, நண்பர்களோடு நின்று பேசும் நேரத்திலேயே, குளிர்ச்சி தாங்கும் குடுவையில் கொண்டுவந்த பால் 250 மில்லி. இதில் புரதம் 8 கிராம் வரும். பசியின் முனை மழுங்குவதுதான் இதன் முதல் பயன். தசைக்குப் போகும் புரதம் அதற்கடுத்தது.

வீட்டில் குளிப்பதற்கு முன்பே, 10:00-க்குச் சாப்பாடு. சோறு மூன்று கிண்ணத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தது. கூடவே வேகவைத்த அல்லது குறைந்த எண்ணெயில் வாட்டிய கோழி 100 கிராம். அது இல்லாத நாளில் இரண்டு முட்டையும் வெந்த பருப்பு ஒரு கிண்ணமும். வெந்த காய்கறி. இரண்டு வழியிலும் புரதம் 25 கிராமைத் தொடும். ஆட்டத்துக்குப் பின் தசையைச் சீரமைக்க ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் போதும் என்பதால் தனியாகப் புரதப் பொடி எதுவும் சொல்லப்படவில்லை. அவர் கேட்டார், டப்பாவின் விலைக்கு முட்டை வாங்கிக்கொள்ளலாம் என்பதே பதில்.

முடிந்தவுடன் அரைமணிக்குள் மாவுச்சத்து ஏற்றியே ஆக வேண்டும் என்று ஒரு நண்பர் வலியுறுத்தியிருந்தார். எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி களமிறங்குபவருக்குத்தான் அந்த அவசரம். அடுத்த ஆட்டத்துக்கு ஒருநாளோ அதற்கு மேலோ இருப்பவருக்கு வழக்கமான மூன்று வேளை உணவே கையிருப்பை நிரப்பிவிடும்.

தண்ணீரை முழுதாக ஈடுகட்ட, இழந்த எடையின் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும் என்பது விதி. ஆட்டத்தில் 700 மில்லி குடிக்கத் தொடங்கியபின் இழப்பு 800 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. பாலும் சாப்பாட்டோடு குடிக்கும் 400 மில்லியும் இரவுக்குப் போதும், மீதி காலையில் எழுந்ததும் என்று பிரிக்கப்பட்டது. உப்புக்குச் சாப்பாட்டில் இருப்பதே போதுமானது.

படுக்கை பதினொன்றரைக்கு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி என்பதுதான் எதுக்களிப்புக்கான நல்ல அறிவுரை. இந்த மாலைகளில் அது நடவாது, அதற்காக ஒரு மணி வரை விழித்திருப்பது வேறு கேடு. கிடைப்பது ஒன்றேகால் மணி நேரம்தான் என்று ஏற்றுக்கொண்டு, சாப்பாட்டைச் சிறிதாக்கி, கொழுப்பைக் குறைத்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வைத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லப்பட்டது. தலையணையை இரண்டாக அடுக்குவது உதவாது. கழுத்து மட்டும் மடங்கி வயிறு இன்னும் அழுத்தப்படும்.

மாலைக் காபி முற்றிலும் நின்றது. காஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 4:30 காபியின் பாதி 9:30-க்கும் உள்ளே இருக்கிறது. இரண்டு மணிக்கு முன் ஒன்று என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கால்பந்து

இது தனிக் கதை. கால்பந்தில் ஓட்டம் தொடர்ச்சியானது, குலுக்கல் அதிகம், வெளியே உட்காரும் நேரம் குறைவு. செவ்வாயன்று ஒத்துக்கொண்ட அதே தட்டு, அதே இரண்டேகால் மணி இடைவெளியில், வெள்ளியன்று விலாவுக்குக் கீழே குத்து வலியைக் கொடுத்தது. தட்டு 4:45-க்கு நகர்ந்தது. ரொட்டியும் பழமும் அப்படியே இருக்க, தயிர் மட்டும் எடுக்கப்பட்டது. இடைவேளையில் அரை வாழைப்பழமும் சில வாய்த் தண்ணீரும். வலி நின்றது.

நிற்காதது, ஆட்டம் முடிந்து எல்லாரும் சேர்ந்து வெளியே சாப்பிடும் வழக்கம். வாரத்தில் ஒருநாள் நண்பர்களோடு உட்காருவதை எடுத்துவிடச் சொல்ல ஆலோசகருக்கு மனமில்லை, சொன்னாலும் நடக்காது. போகுமுன் பால் குடித்துவிடுவது, பொரித்ததைப் பங்குபோட்டுச் சிறிது எடுப்பது என்ற அளவோடு நின்றது.

எட்டு வாரத்தின் முடிவில்

செவ்வாய், வியாழன் இரண்டிலும் நான்கு, ஐந்து கேம் வழக்கமானது. அந்த இரவுகளில் எதுக்களிப்பால் விழிப்பது முன்பு அநேகமாக ஒவ்வொரு முறையும் இருந்தது. எட்டாவது வாரத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. மருந்து தேவைப்படவில்லை. ஆட்டத்தின் நடுவே நெஞ்சு எரிச்சல் மறுபடி வரவில்லை. யாரும் சொல்லாமலேயே காலைப் பசி நான்காவது வாரத்தில் திரும்பியது. அதன்பின் காலைச் சாப்பாடு நிலைத்தது, மதியச் சாப்பாடும் சற்றுக் கூடியது. எடை 74-லேயே நின்றது. குறைப்பது நோக்கமாகவும் இருக்கவில்லை.

இத்தனையில் எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. காபி, கட்டை, தட்டு, சிறிய சாப்பாடு எல்லாம் சில வாரங்களுக்குள் சேர்ந்தே வந்தன. கேமின் எண்ணிக்கைக்குத் தட்டுதான் காரணம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு: தட்டு தவறிய நாட்களில் எண்ணிக்கை மறுபடி இறங்கியது. தூக்கத்துக்கு அப்படி ஒரு ஆதாரம் இல்லை. வெள்ளி இரவுகள் மாறவில்லை.

மறுபடி செய்தால் மாற்றவேண்டியவை

உணவைப் பற்றிக் கேட்கும் முன் வேலை நாட்காட்டியைக் கேட்டிருக்கலாம். நீளும் கூட்டங்கள் வியாழக்கிழமைகளில்தான் வருகின்றன என்பது அதில் முன்கூட்டியே தெரிந்திருக்கும். மாற்றுத் திட்டத்தைத் தலைசுற்றல் வரும் வரை காத்திராமல் முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

இடைவெளியைச் சோதிக்கும்போது நேரத்தை மட்டும் மாற்றி உணவை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது. சாண்ட்விச்சிலிருந்து தட்டுக்குப் போனபோது இரண்டும் ஒரே நாளில் மாறின. அதே ரொட்டியும் பழமும் ஒன்றரை மணி நேரத்தில் இவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. ஒத்துக்கொண்டால் கூட்ட நாட்களில் பாதிச் சிக்கல் தீரும். அடுத்த சந்திப்பில் செய்யவிருப்பது அதுதான்: அரைத் தட்டு, 6:15-க்கு, பின் வாரத்துக்கு வாரம் பதினைந்து நிமிடம் தள்ளி.

இந்த அட்டவணையை அதே குழுவில் இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முன்வந்தார். அவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர். ஆட்டத்தால் வரும் சர்க்கரை வீழ்ச்சி அவருக்குப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்திலும் வரக்கூடும். இரவு மாவுச்சத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் திட்டம் அவருக்குப் பொருந்தாது. ஊசி அளவையும் உணவையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் திருப்பி அனுப்பப்பட்டார்.